முறத்தில் வந்த பூனை: அடிபட்ட பிறகு 55 நிமிடங்கள்

மணிக்கு அப்போது இரண்டு வயது. சாம்பல் வரி போட்ட ஆண் பூனை, கருத்தடை செய்தது, எடை நாலு கிலோவுக்கு ஒரு பிடி கூட. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் வளர்கிறான். மாலை 6:40-க்குத் தெருவைக் கடக்கும்போது ஒரு இருசக்கர வண்டி இடித்தது. 7:35-க்கு தில்லைநகர் பக்கம் இருக்கும் எங்கள் கிளினிக்கின் மேசைக்கு வந்தான். பிழைத்துவிட்டான். அந்த 55 நிமிடங்களில் அந்த வீட்டார் பெரும்பாலும் சரியாகவே செய்தார்கள். போனில் நான் சொன்ன ஒரு வாக்கியம்தான் தப்பாகப் போனது. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இடித்தவுடன் மணி எழுந்து ஓடினான். பத்தடி தூரத்தில் நின்றிருந்த காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். "ஓடிட்டானே, அப்ப ஒன்னும் இல்லை" என்று தெருவில் ஒருவர் சொன்னாராம். இந்த ஓட்டத்தை நம்பக்கூடாது. இடுப்பெலும்பு உடைந்த பூனைகூட அடிபட்ட வேகத்தில் சில விநாடிகள் ஓடும். ஓடி ஒளிந்த இடத்தில்தான் உடம்பு கணக்குப் பார்க்கத் தொடங்கும்.

அந்த வீட்டுக் கல்லூரிப் பெண்ணின் தம்பி காருக்கடியில் கைவிட்டு, பின்னங்காலைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். கையில் எட்டிய இடம் அதுதான். மணி அவன் கட்டைவிரல் அடியில் ஆழமாகக் கடித்துவிட்டான். இரண்டு வருடம் மடியில் தூங்கிய பூனைதான், ஆனால் வலியில் இருக்கும் பூனைக்கு வீட்டாள், வெளியாள் என்ற பேதம் கிடையாது. உடைந்த எலும்பைப் பிடித்து இழுத்தால் அது கடித்துத்தான் ஆகும்.

6:48-க்கு அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். முதலில் தம்பியைக் குழாயடிக்கு அனுப்பச் சொன்னேன். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அப்புறம் அன்றிரவே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் வந்த கடி என்பதால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தது என்றாலும் அந்த முடிவை மனித மருத்துவர்தான் எடுக்க வேண்டும், பூனை டாக்டர் போனில் எடுக்கக்கூடாது. தம்பிக்கு 0, 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசி போட்டார்கள். பூனைக்கடி வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், கிருமி உள்ளே ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்கும். மறுநாள் அவன் கை வீங்கி, ஆன்டிபயாடிக்கும் தேவைப்பட்டது.

சரி, காருக்கடியில் கிடக்கும் பூனையை எப்படி வெளியே எடுப்பது?

"தட்டையா, விறைப்பா, பூனை நீளத்துக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். பலகை இல்லை. பரீட்சை அட்டை சின்னது. பின்னால் தாத்தாவின் குரல் கேட்டது: "முறம் இருக்கே."

முறம்! பதினைந்து வருடமாக இந்த வேலை செய்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. மூன்று பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் திறந்த வாய். வாய்ப்பக்கம் தரையோடு தரையாக நுழையும். மூங்கில் என்பதால் கொஞ்சம் வளையும், அதனால் உள்ளே ஒரு கெட்டி அட்டையை வெட்டிப் போட்டு, மேலே துண்டு விரிக்கச் சொன்னேன்.

காரை ஓட்டி நகர்த்த வேண்டாம் என்றேன். கியரை நியூட்ரலில் போட்டு, இரண்டு பேர் மெதுவாகத் தள்ளினார்கள். தாத்தா தெருமுனையில் நின்று வண்டிகளை நிறுத்தினார். மணி வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். அந்தப் பெண் முதுகுப் பக்கமாகவே போனாள், முகத்துக்கு நேராகப் போகவில்லை. ஒரு கெட்டித் துண்டைத் தலை மேல் போட்டாள், இறுக்காமல், மூக்குக்குக் காற்று போகிற மாதிரி. கண் மறைந்தால் பாதிப் பூனைகள் அடங்கிவிடும், அடங்காததன் பல்லுக்கும் கைக்கும் நடுவில் துணியாவது இருக்கும்.

முறத்தின் வாயை அவன் முதுகை ஒட்டி வைத்தார்கள். ஒரு கையால் பிடரித் தோலையும் தோளையும் சேர்த்து, இன்னொரு கையால் இடுப்புக்கு மேல் உள்ள தோலைப் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் முறத்துக்குள் இழுக்க வேண்டும். பூனையைத் தூக்குவதே இல்லை, தரையோடு வழுக்கிக்கொண்டு வருகிறோம். தலை, முதுகு, இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். முதுகெலும்பு உடைந்ததா இல்லையா என்று ரோட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் உடைந்ததாகவே வைத்துக்கொண்டு நகர்த்துகிறோம். குழந்தையைத் தூக்குவது போலக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினால் பின்பாகம் தொங்கும். உடைந்த இடுப்புக்கும் கிழிந்த உதரவிதானத்துக்கும் அதைவிடக் கெட்டது வேறில்லை.

தொங்குகிற காலுக்குக் குச்சி வைத்துக் கட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வீட்டில் கட்டும் கட்டு பெரும்பாலும் உடைந்த இடத்துக்குக் கீழேயே நின்று பாரமாகத் தொங்கும், கட்டும்போது பூனை திமிறும். பூனை சாவது கால் முறிவால் அல்ல, மூச்சாலும் ரத்த ஓட்டத்தாலும். காலை அது கிடக்கிற வாக்கில் விட்டுவிட்டார்கள். தொடையில் ஒரு சிராய்ப்பில் ரத்தம் கசிந்தது. மடித்த சுத்தமான கைக்குட்டையை ஐந்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்தியதில் நின்றது. மஞ்சள்தூளும் காப்பித்தூளும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதைக் கழுவி எடுப்பதற்குள் எங்களுக்குப் பத்து நிமிடம் போய்விடும்.

இந்த இடத்தில் அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை எழுந்து நிற்க வைத்தது.

"டாக்டர், இப்ப ரொம்ப சாதுவா படுத்திருக்கான். வலி குறைஞ்சிருச்சு போல."

கொஞ்ச நேரம் முன்பு கடித்த பூனை அது. மூச்சை எண்ணச் சொன்னேன், 15 விநாடியில் மார்பு எத்தனை முறை எழுகிறது என்று. பதினைந்து. அதாவது நிமிடத்துக்கு 60. சும்மா படுத்திருக்கும் பூனைக்கு 20 முதல் 30 வரை இருக்கும். வாய் மூடியிருக்கிறதா? மூடியிருந்தது, அது ஒரு நல்ல சேதி. பூனை நாய் மாதிரி வாய் திறந்து இளைப்பதில்லை, அடிபட்ட பூனை வாயால் மூச்சு விட்டால் மிச்சமிருப்பது கொஞ்ச நேரம்தான். உதட்டைக் கொஞ்சம் தூக்கி ஈறைப் பார்க்கச் சொன்னேன். "வெள்ளையா இருக்கு டாக்டர், பல்லு மாதிரி." பாதம்? "ஜில்லுனு இருக்கு." திருச்சியில், மே மாதத்தில்.

அது ஷாக். நாம் பேச்சில் "ஷாக் ஆயிட்டேன்" என்று சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடம்பின் உறுப்புகளுக்குப் போக வேண்டிய ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். நாலு கிலோ பூனையின் மொத்த ரத்தமே சுமார் 240 மில்லி, ஒரு பெரிய டம்ளர். உள்ளுக்குள் 60 மில்லி கசிந்தால் கால்வாசி போயிற்று. வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

ஷாக்கில் நாயின் இதயம் படபடவென்று அடிக்கும், பார்க்கிறவருக்கே பதற்றம் வரும். பூனை பெரும்பாலும் நேர் எதிர். இதயத்துடிப்பு குறையும், உடம்பு குளிரும், ரத்த அழுத்தம் இறங்கும், பூனை அமைதியாகிவிடும். முதல் மூன்றும் ஒன்றையொன்று கீழே இழுத்துக்கொண்டு போகும். அழுத்தம் குறைந்தால் ரத்தக்குழாய்களைச் சுருக்கச் சொல்லி அட்ரினலின் ஆணையிடும், ஆனால் குளிர்ந்த உடம்பில் அந்த ஆணை எடுபடாது. அதனால் "சாதுவா இருக்கான்" என்பதை நான் ஒரு ஆபத்துக் குறியாகவே கேட்கிறேன். கத்துகிற பூனையைவிடக் கத்தாத பூனைக்குத்தான் முதலில் ஓட வேண்டும்.

அவள் இன்னொன்றும் கேட்டாள்: "பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?" 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் என்றால் 125 மில்லிகிராம், மணியின் எடைக்கு கிலோவுக்கு 30-க்கு மேல். பூனைக்கு விஷமாக அதுவே தாராளம். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கும் நொதி பூனைக்கு மிகக் குறைவு. விளைவாக ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பாகும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த பூனைக்கு, இருக்கிற ரத்தத்தையும் கெடுப்பது அது. மனிதருக்கான எந்த வலி மாத்திரையும் வேண்டாம் என்றேன். தாத்தா ஒரு கிண்ணத்தில் பாலும் கொண்டு வந்து வைத்திருந்தாராம். மயங்கிய நிலையில் வாயில் ஊற்றும் பால் வயிற்றுக்கா நுரையீரலுக்கா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தண்ணீரும் கூடாது.

அப்புறம் நான் சொன்ன அந்த வாக்கியம்: "வெதுவெதுப்பா வெச்சுக் கொண்டு வாங்க."

7:05-க்கு ஆட்டோ கிளம்பியது. ஆட்டோவுக்குக் கதவு கிடையாது, குற்றுயிராகக் கிடக்கும் பூனையும் ஹார்ன் சத்தத்தில் திடீரென்று துள்ளிப் பாயும். காவிரிப் பாலத்தில் பாய்ந்தால் அவ்வளவுதான். கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பது போல, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் துணிக்கூடையை முறத்தின் மேல் கவிழ்த்து, துப்பட்டாவால் சுற்றிக் கட்டியிருந்தாள். இதை நான் சொல்லவில்லை, அவளே செய்தது. வாசலில் பார்த்தபோது கைதட்டலாம் போலிருந்தது. தலை இருந்த பக்கம் முறத்துக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லியிருந்தேன். தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகத்துக்காக. கழுத்துக்கு அடியில் தலையணை மாதிரி வைத்தால் கழுத்து மடங்கி மூச்சு தடைப்படும், அதனால் முறத்தோடு சேர்த்துத்தான் உயர்த்த வேண்டும்.

ஆட்டோக்காரரிடம் "வேகமாப் போங்க" என்று சொல்லாதீர்கள், "பள்ளத்துல பார்த்துப் போங்க" என்று சொல்லுங்கள் என்றேன். மாம்பழச் சாலை வழியாகப் பாலம் ஏறிச் சத்திரம் பேருந்து நிலையம் தாண்டி வர அரைமணி ஆனது. வேகத்தடையில் விழுந்து எழுந்து ஐந்து நிமிடம் மிச்சம் பிடிப்பதில் லாபமில்லை. போனில் விஷயம் தெரிந்ததால் அதற்குள் நாங்கள் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து வைத்து, சலைன் பாட்டிலை இளஞ்சூட்டில் போட்டுவிட்டோம். உண்மையில் மிச்சமான நேரம் அதுதான்.

மேசையில் கூடையை எடுத்தேன். முறத்திலிருந்து இறக்கவில்லை, முறத்தோடே பார்த்தோம். நாலு காலிலும் நகங்கள் நார் நாராகப் பிய்ந்திருந்தன. ரோட்டைப் பற்றிப் பிடிக்கப் பார்த்த பூனையின் நகம் அப்படித்தான் ஆகும். யாரும் பார்க்காமல் அடிபட்டு வீடு வந்த பூனையில்கூட இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

உடல்வெப்பம் 95.4 ஃபாரன்ஹீட், இருக்க வேண்டியது 100.5-க்கு மேல். இதயத்துடிப்பு 128. மிரண்டு கிளினிக்குக்கு வரும் நல்ல பூனைக்கே 180, 200 என்று இருக்கும். மூச்சு 64. ஈறை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று விநாடி ஆனது, இரண்டுக்குள் திரும்ப வேண்டும். தொடை நாடி விரலில் நூல் மாதிரிப் பட்டது.

போர்த்திய துணியை விலக்கியபோது வயிற்றை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே கொதிக்கவைத்த தண்ணீர். தாத்தா அன்போடு வைத்தது. "நீங்கதானே சூடா வைக்கச் சொன்னீங்க டாக்டர்."

நான்தான் சொன்னேன். என் மனதில் இருந்தது வேறு: அடியில் ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு, மின்விசிறிக்கும் ஈரத் தரைக்கும் தள்ளி வைப்பது. இருக்கும் சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டேன். கேட்டவர் வேறு என்ன செய்வார்?

சூடான பாட்டிலில் இரண்டு கெடுதல். தோல் மட்டும் சூடேறினால் தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், உள்ளுறுப்புகளுக்கு மிச்சமிருந்த கொஞ்ச ரத்தமும் தோலுக்கு வந்துவிடும். அடுத்தது தீக்காயம். நம் கையில் அதே பாட்டிலை வைத்தால், ஓடுகிற ரத்தம் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும், அதையும் மீறிச் சுட்டால் கையை எடுத்துவிடுவோம். ஷாக்கில் இருக்கும் பூனையின் தோலில் ரத்தமும் ஓடவில்லை, நகரவும் அதற்குத் தெம்பில்லை. பாட்டிலை எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு சிவப்பு வட்டம் இருப்பதைக் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்தது வரிசையாக. ஆக்சிஜன் முதலில். முன்னங்காலில் ஊசிக்குழாய் ஏற்றி, ஓபியாய்ட் வகை வலி மருந்து. பிறகு இளஞ்சூட்டுச் சலைன் 40 மில்லி, 15 நிமிடத்தில். கிலோவுக்குப் பத்து என்ற கணக்கு. மறுபடி அளந்து பார்த்து இன்னொரு 20. அவ்வளவோடு நிறுத்தி, அதன் பிறகுதான் சூடு: வெதுவெதுப்பான காற்று, உடம்பில் நேரடியாகப் படாமல். இந்த வரிசையை மாற்றக்கூடாது. குளிர்ந்த பூனைக்கு அழுத்தம் ஏறவில்லையே என்று மேலும் மேலும் சலைன் ஏற்றிக்கொண்டே போனால், பிறகு உடம்பு சூடாகி ரத்தக்குழாய்கள் வழக்கப்படி சுருங்கும்போது அத்தனை தண்ணீரும் நுரையீரலில் போய் நிற்கும். பூனையைத் தண்ணீரிலேயே மூழ்கடிப்பது அது. 98-ஐத் தொடும்வரை பொறுமை வேண்டும்.

9 மணிக்கு 98.6 ஆனது. இதயத்துடிப்பு 176. ஈறில் இளஞ்சிவப்பு. மணி தலையைத் தூக்கி முறத்தின் விளிம்பை மோந்து பார்த்தான்.

எக்ஸ்ரே எடுக்காமல் இவ்வளவு நேரம் என்ன செய்தோம் என்று தாத்தா கோபப்பட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மூச்சு வாங்கும் பூனையை எக்ஸ்ரேக்காக மல்லாத்திப் பிடிப்பதில் சில பூனைகள் அந்த மேசையிலேயே போய்விடும். முறத்தில் கிடந்தபடியே ஸ்கேன் கருவியை வைத்து மார்பிலும் வயிற்றிலும் தேங்கிய நீர் இல்லை என்று மட்டும் பார்த்திருந்தேன். பத்து மணிக்குப் படம் எடுத்தோம்: இடுப்பெலும்பில் இரண்டு முறிவு, இடது நுரையீரலில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளைத் திட்டு. நுரையீரல் கன்றிப்போயிருந்தது. முதுகெலும்பும் உதரவிதானமும் தப்பித்திருந்தன.

அன்றிரவே வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும் என்றார்கள். தலையைத் தூக்கிவிட்டான், கூப்பிட்டால் பார்க்கிறான். நான் விடவில்லை. கன்றிய நுரையீரல் அடிபட்ட நேரத்தைவிட அடுத்த 24 மணி நேரத்தில்தான் அதிகம் மோசமாகும், உடம்பில் பட்ட கன்றல் மறுநாள் பரவிக் கறுப்பது மாதிரி. அதிகாலை மூன்று மணிக்கு மணியின் மூச்சு மறுபடி 70-க்கு ஏறியது. ஆக்சிஜன் கூண்டில் விடியும்வரை வைத்து, காலை பதினொன்றுக்கு 40-க்கு இறக்கினோம். வீட்டில் இருந்திருந்தால் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சிறுநீர் வேறு கவலை. இடுப்பில் அடிபட்டால் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம், அதன் அறிகுறி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். கொஞ்சம் சிறுநீர் போய்விட்டான் என்பதால் பை முழுசாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. மூன்று நாளும் காலையும் மாலையும் வயிற்றை ஸ்கேன் பார்த்தோம். நீர் சேரவில்லை. வாலை அசைத்தான், ஊசி முனை பட்டால் இழுத்தான், அது பையின் நரம்புகளுக்கும் நல்ல சேதி.

நாலாம் நாள் வயிற்றில் அந்தச் சிவப்பு வட்டம் கறுத்துக் காய்ந்த தோலாக எழும்பியது. தீக்காயம் இப்படித்தான், நாள் கழித்து முகம் காட்டும். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. இடுப்பு முறிவுக்கு அறுவை தேவைப்படவில்லை, மூட்டுக்குழி தப்பியிருந்ததால் ஆறு வாரம் கூண்டு ஓய்வே போதுமானதாக இருந்தது. ஐந்தாவது வாரம் கூண்டுக்குள்ளேயே கம்பியைப் பிடித்து ஏறப் பார்த்தானாம். ஆனால் அந்த வட்டத்துக்காக மட்டும் மூன்று வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் மருந்து வைத்துக் கட்டுப் போட வேண்டியிருந்தது. வண்டி பண்ணாத காயம் அது, போனில் நான் பண்ணியது. தாத்தாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாட்டிலை வெச்சது நான்தானே" என்றார்.

இப்போது அடிபட்ட பூனை என்று யார் போன் செய்தாலும் "வெதுவெதுப்பு" என்ற சொல்லை நான் எடுப்பதில்லை. "கீழ ஒரு துண்டு, மேல ஒரு துண்டு, ஃபேனும் ஏசியும் வேண்டாம், சூடா எதையும் பக்கத்துல வைக்காதீங்க" என்று நாலாகப் பிரித்துச் சொல்கிறேன், அவர்களைத் திருப்பிச் சொல்லவும் வைக்கிறேன். மணி வருடம் ஒரு முறை தடுப்பூசிக்கு வருகிறான். வயிற்றில் அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை.